2.39 டிகிரி என்பது 2 டிகிரி 39 நிமிடம் அல்ல!

வணக்கம் நண்பர்களே. இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். பின்னால் கேட்கும் சத்தம் கடலூர் முதுநகர் லேத் பட்டறையுடையது. பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். துறைமுகத்து விசைப்படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேலைகள் இங்கேதான் வரும்.

இந்த ஷாஃப்டைப் பாருங்கள். முனையில் 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு டேப்பர். வெளியூர் டிசைன் ஆபீஸ் ஒன்று அனுப்பிய வரைபடத்தில் அந்த டேப்பருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: `2.39`. டிகிரி வட்டம்கூட இல்லை. பட்டறையில் கோணம் என்றால் டிகிரி, நிமிடம் என்றுதான் பேச்சு; புரொட்ராக்டரும் அப்படித்தான் காட்டும். டர்னர் அண்ணன் அதை 2 டிகிரி 39 நிமிடம் என்று படித்துக் கடைந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் புள்ளியை வைத்தவர்மேல்தான் வருத்தம்.

இதே கோணம் 2.72 என்று வந்திருந்தால் அண்ணன் உடனே போன் செய்திருப்பார், ஏனென்றால் 72 நிமிடம் என்று ஒன்று கிடையாது. புள்ளிக்குப் பின்னால் 60க்குக் கீழே ஓர் எண் வந்தால்தான் ஆபத்து. பார்த்தால் ஒழுங்கான நிமிடம் போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, கணக்குக்கு வருகிறேன். இது 1க்கு 12 டேப்பர். நீளத்தில் 12 போனால் விட்டத்தில் 1 குறையும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்தால் 24க்கு 1. கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ், 1 வகுத்தல் 24. வருவது 2.385944. முழு எண் 2 அப்படியே டிகிரி. மிச்சமுள்ள 0.385944ஐ மட்டும் 60ஆல் பெருக்குகிறேன்: 23.15664. அதில் 23 நிமிடம். அதன் மிச்சம் 0.15664, மறுபடியும் 60ஆல் பெருக்கினால் 9.4. ஆக 2 டிகிரி 23 நிமிடம் 9 விநாடி. இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் முழு எண்ணைக் கழற்றி எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பெருக்க வேண்டும்.

இடையில் எங்கும் எண்ணைச் சுருக்கக் கூடாது. 0.01 டிகிரி என்பதே 36 விநாடி. 2.39 என்று முதலிலேயே சுருக்கிவிட்டால் 23 நிமிடம் 24 விநாடி வரும், 15 விநாடி தள்ளிப்போகும். விநாடி சரியாக வர வேண்டுமென்றால் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கமாவது கையில் இருக்க வேண்டும். கடைசியில் 59.7 விநாடி போல வந்தால் 60 விநாடி என்று எழுதிவைக்காதீர்கள். நிமிடத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டு விநாடியைச் சுழியமாக்குங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. நான் போட்டது பாதிக் கோணம். லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பப் பாதிக் கோணம்தான் வேண்டும். முழுக் கோணம் 4 டிகிரி 46 நிமிடம் 19 விநாடி. எந்தக் கோணம் என்று குறிப்பில் எழுதாவிட்டால் அது இன்னொரு சண்டை.

இப்போது சேதாரம் எவ்வளவு என்று பார்ப்போம். சரியான கோணத்தில் 60 மில்லிமீட்டருக்கு ஒரு பக்கம் 2.5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 2 டிகிரி 39 நிமிடத்தில் 2.78 இறங்கியிருக்கிறது. விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம்! எங்கே தொடுகிறது என்று தெரிய ப்ளூ மை தடவி புரொப்பல்லரை ஏற்றிப் பார்த்தபோது பெரிய முனையில் மட்டும் மெல்லிய வளையமாக நீலம் ஒட்டியிருந்தது, மற்ற இடமெல்லாம் பளபளவென்று வெறுமையாக இருந்தது. இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், தெரிகிறதா? இத்தனைக்கும் அந்த 2.39ஐ டிகிரியாகவே படித்துக் கடைந்திருந்தால் விட்டத்தில் ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வந்திருக்காது. சுருக்கியது தப்பிவிட்டது, எழுதிய விதம் கெடுத்துவிட்டது.

காம்பவுண்ட் ஸ்லைடின் அளவுகோலில் டிகிரிக் கோடுகள்தான் இருக்கும், 9 விநாடியை அதில் யாராலும் வைக்க முடியாது. அதனால் அண்ணன் இப்போது டயல் கேஜில் சரிபார்க்கிறார். லேசாகக் கடைந்த டேப்பர்மேல் முள்ளை மைய உயரத்தில் வைத்து, லேத்தின் கேரியேஜை 48 மில்லிமீட்டர் நகர்த்தினால் டயல் சரியாக 2 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். பழைய கோணத்தில் 2.22 காட்டியிருக்கும். முதல் வெட்டிலேயே பிடிபட்டிருக்கும்.

வரைபடத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ஆட்டோகேடில் `UNITS` போய் டிகிரி நிமிடம் விநாடி என்று மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். டைமென்ஷன் அதைக் கண்டுகொள்ளாது. டைமென்ஷன் ஸ்டைலில் கோண அளவின் வடிவத்தை மாற்ற வேண்டும், அல்லது `DIMAUNIT` மதிப்பை 1 ஆக்க வேண்டும். விநாடி வரை தெரிய `DIMADEC` மதிப்பையும் 4 ஆக்குங்கள். கையால் குறிப்பு எழுதினால் டிகிரி வட்டத்துக்கு `%%d` என்று அடியுங்கள். நான் எழுதியது இது:

```
TAPER 1:12, HALF ANGLE 2%%d23'9"
```

டேப்பர் விகிதத்தை முன்னால் போட்டதைக் கவனித்தீர்களா? கோணத்தை யாராவது தப்பாகப் படித்தாலும் 1க்கு 12 காப்பாற்றும்.

அப்புறம் அந்த பிரிண்ட் கதை. ஒரு வரி மாறியதற்கு லாரன்ஸ் ரோடு பிரிண்ட் கடையில் முழுத் தாளுக்கும் மறுபடி காசு! அதே ஃபைல், அதே தாள், பாதி விலைக்குப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மெஷினுக்கு ஒரு வரி, நூறு வரி என்றெல்லாம் தெரியாது என்றார் கடைக்காரர். நியாயம்தான், ஆனாலும் வயிறு எரிந்தது. அந்தக் காசை டிசைன் ஆபீஸ் பில்லில் ஏற்றிவிட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதத்தின் மிகப்பெரிய வெற்றி அதுதான்!

எக்செல் ஷீட் கேட்டவர்களுக்கு: கோணத்தை 24ஆல் வகுத்து, அதை மணிக்கணக்கு போலக் காட்டச் சொல்வதுதான் சூட்சுமம்.

```
=TEXT(A1/24,"[h]°mm'ss''")
```

அந்த `h` சதுர அடைப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். எடுத்துவிட்டால் 24 தாண்டியதும் மறுநாள் ஆகிவிடும், 30 டிகிரி 6 டிகிரியாக வந்து நிற்கும். சிறிய கோணங்களை மட்டும் போட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மைனஸ் கோணத்துக்கும் இந்தச் சூத்திரம் ஆகாது.

கடைசியாக, விநாடி போட்டால்தான் கௌரவம் என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வரைபடத்தின் மூலைப் பெட்டியில் ISO 2768 மீடியம் என்று இருந்தால், குறுகிய பக்கம் 10 முதல் 50 மில்லிமீட்டர் வரை உள்ள கோணத்துக்குக் கூட்டியோ குறைத்தோ 30 நிமிடம் சலுகை உண்டு. பட்டறையின் வெர்னியர் புரொட்ராக்டர் படிப்பதே 5 நிமிடக் கணக்கில்தான். ஒரு பிராக்கெட் வளைவுக்கு 22 டிகிரி 37 நிமிடம் 12 விநாடி என்று எழுதி அனுப்பினால் டர்னர் சிரிப்பார். அங்கே 22 டிகிரி 30 நிமிடமே போதும். ப்ளூ ஒட்ட வேண்டிய டேப்பருக்கு மட்டும் விநாடி வரை போங்கள். அண்ணன் அடுத்த ஷாஃப்டை சக்கில் மாட்டிவிட்டார், சத்தத்தில் இனி எதுவும் கேட்காது, நிறுத்துகிறேன்.