பிளம்பர் வர்ற நாளை மாத்தணுமா? மெசேஜ் இப்படி போடுங்க

தண்டையார்பேட்டைல ஒரு வீடு, ரெண்டாவது மாடில வாடகைக்கு இருக்கற புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. பாத்ரூம் சுவத்துக்குள்ள பைப் கசிஞ்சு கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் இறங்கிடுச்சு. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி அவங்களுக்குத் தெரிஞ்ச பிளம்பரை வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாங்க, புதன்கிழமை நைட்டு பார்த்தா ரெண்டு பேருக்குமே லீவு கிடைக்கல.

இந்த இடத்துல நிறைய பேர் போடற மெசேஜ் இதான்: "அண்ணா நாளைக்கு வேணாம், அப்புறம் சொல்றேன்."

பிளம்பர் நாள் பூரா வண்டில சுத்தறவர், நைட்டு பத்து மணிக்கு நீங்க போட்டதை வியாழக்கிழமை காலைல தான் பார்ப்பார். அப்போ "நாளைக்கு"ன்னா அவருக்கு வெள்ளிக்கிழமை, அதனால இன்னிக்கு வேலை இருக்குன்னு நெனச்சு கிளம்பி வந்துடுவார், வந்து பார்த்தா வீடு பூட்டியிருக்கும். அவருக்கு அரை நாள் கூலி போச்சு, அடுத்த வாட்டி உங்க வீட்டை கடைசியா தான் வெச்சுப்பார். அதனால கிழமையும் தேதியும் சேர்த்தே போடுங்க.

[ஸ்கிரீன்ல பிளம்பருக்குப் போற மெசேஜ்]

"அண்ணா, தண்டையார்பேட்டை ரெண்டாவது மாடி, பாத்ரூம் பைப் லீக் வீடு. 12ஆம் தேதி வியாழன் வர வேணாம்ணா, வீட்ல ஆள் இருக்க மாட்டாங்க. 14 சனிக்கிழமை காலைல 9ல இருந்து 11க்குள்ள வர முடியுமா? இல்லன்னா 15 ஞாயிறு அதே நேரம். எதுன்னு சொல்லுங்கண்ணா. வீட்ல என் மாமனார் இருப்பார், கிளம்பும்போது அவருக்கு ஒரு கால் பண்ணிடுங்க, நம்பர் கீழ இருக்கு."

ரெண்டே நாள் தான் குடுத்திருக்கோம் பாருங்க, "உங்களுக்கு எப்ப வசதியோ வாங்க"ன்னு விட்டா அந்த வேலை தள்ளிப் போயிட்டே இருக்கும். இதையே வாய்ஸ் மெசேஜாவும் ஒண்ணு போட்டுடுங்க, படிக்க நேரமில்லாதவங்க அதைக் கேட்டுப்பாங்க. காலை நேரம் கேட்கறதுக்கும் காரணம் இருக்கு. பைப்பை வெட்டி ஒட்டினா பசை காயற வரைக்கும் அந்த லைன்ல தண்ணி விடக்கூடாது, சாயந்திரம் வேலை ஆரம்பிச்சா நைட்டு பாத்ரூம்ல தண்ணி இருக்காது.

அடுத்தது ஓனர். பிளம்பர்கிட்ட பேசியாச்சே, இவங்களுக்கு எதுக்குன்னு விட்டுடாதீங்க. வீட்டுக்கு வர்ற தண்ணிய மொத்தமா நிறுத்தற கேட் வால்வு மொட்டை மாடில டேங்க் பக்கத்துல இருக்கு, மாடி சாவி அவங்ககிட்ட. சனிக்கிழமை காலைல ஆன்ட்டி கோயிலுக்குப் போயிட்டாங்கன்னா பிளம்பர் வந்தும் வேலை நடக்காது.

[ஸ்கிரீன்ல ஓனருக்குப் போற மெசேஜ்]

"ஆன்ட்டி, வியாழக்கிழமை எங்களுக்கு லீவு கிடைக்கல. பிளம்பர் அண்ணாகிட்ட 14 சனி காலைல கேட்டிருக்கேன், அவர் ஓகே சொன்னதும் சொல்றேன். அது வரைக்கும் அந்த பாத்ரூம் வால்வை மூடியே வெச்சிருக்கோம், கீழ் வீட்லயும் சொல்லிட்டேன். அன்னிக்கு மாடி சாவி யார்கிட்ட வாங்கிக்கறது? கூலிய நீங்க குடுத்துடறீங்களா, இல்ல நாங்க குடுத்துட்டு வாடகைல கழிச்சுக்கலாமா?"

பாத்ரூம் வால்வை மூடினதை எழுதறது ரொம்ப முக்கியம்ங்க. கசிவு நின்னிருக்குன்னு தெரிஞ்சா தான் ரெண்டு நாள் தள்ளிப் போறதை அவங்களும் கீழ் வீட்டுக்காரங்களும் பொறுத்துப்பாங்க. வால்வை மூடியும் ஈரம் பரவிட்டே இருந்துச்சுன்னா கசிவு வேற லைன்ல இருக்கலாம், அப்போ நாளைத் தள்ளாதீங்க, லீவு போட்டாவது அன்னிக்கே பார்த்துடுங்க.

மூணாவது ஆளைத் தான் எல்லாரும் மறந்துடறோம், வீட்ல இருக்கப் போற மாமனார். யார் வர்றாங்க, எந்த சுவரு, டைல்ஸ் உடைக்கணும்னு சொன்னா யாரைக் கேட்கணும், காசு குடுக்கணுமா வேணாமான்னு அவருக்கு முன்னாடியே சொல்லிடுங்க. டைல்ஸ் உடைக்கறதுக்கு முன்னாடி ஓனருக்கு கால் போட்டே ஆகணும், பின்னாடி அந்த டைல்ஸ் செலவு யாருதுன்னு சண்டை வர்றது இங்க தான். அன்னிக்கு வீட்ல பொம்பளைங்க மட்டும் இருந்தா, தனியா இருக்காங்கன்னு மெசேஜ்ல எழுதாதீங்க, "வீட்ல ஆள் இருப்பாங்க"ன்னு போட்டுட்டு, ஆன்ட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அந்த நேரத்துக்குக் கூட இருக்கச் சொல்லுங்க.

ப்ளூ டிக் விழுந்ததை ஓகேன்னு எடுத்துக்காதீங்க. "சனி 9 டு 11, ஓகே"ன்னு அவர் வாயால வரணும், வரலன்னா மறுநாள் காலைல அவர் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிடுங்க. அவர் ஓகே சொன்ன உடனே அதை அப்படியே ஓனருக்கும் மாமனாருக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிளம்பருக்கு ஒரே ஒரு வரி போதும்: "அண்ணா, நாளைக்கு 14 சனி காலைல வர்றீங்கல்ல?" அதுக்கு பதில் வந்ததுக்கு அப்புறம் பக்கெட்ல தண்ணி பிடிச்சு வெச்சுட்டு, மாடி சாவிய வாங்கி மாமனார் கையில குடுத்துடுங்க.