தங்கம்மாளைத் தேடி வந்தவர்

(காங்கேயத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கிளை நூலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். புத்தகத்தின் பேரைச் சொல்லிக் கேட்டவர்களை எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. பேர் தெரியாமல் வந்து நின்றவர்களைத்தான் மறக்க முடியவில்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒரு மத்தியான நேரம். தோளில் துண்டு, கையில் உரக்கடைப் பை. அறுபதைத் தாண்டிய விவசாயி. "ஏனுங்க, தங்கம்மான்னு ஒரு பொஸ்தகம் இருக்குதுங்களா? பெருமாள்முருகன் எழுதுனது" என்றார். அட்டவணையில் தட்டிப் பார்த்தேன், இல்லை. பெருமாள்முருகனின் புத்தகங்கள் இருந்த அடுக்கைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் இல்லீங்க" என்று திரும்பி வந்தார்.

நூலக அட்டவணை எதற்காகச் செய்யப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் 1876ல் அதற்கு ஒரு விதி எழுதினார். ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வாசகருக்குப் புத்தகம் கிடைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணையும் அதே எலும்புக்கூடுதான். மூன்றில் ஒன்றாவது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் விவசாயிக்கு இரண்டு தெரிந்திருந்தது, இரண்டுமே தப்பு. கதை முழுக்கத் தெரிந்திருந்தது, ஆனால் அட்டவணையில் கதைக்கு இடமே கிடையாது.

அதனால் பேரை விட்டுவிட்டு வேறு கேட்டேன். "எப்பப் படிச்சீங்க? எங்க உக்காந்து படிச்சீங்க?"

முகம் மலர்ந்துவிட்டது. "எஸ்.எஸ்.எல்.சி. எழுதிப்போட்டு லீவுல அத்தை ஊருக்குப் போயிருந்தனுங்க. எழுவத்தொண்ணு. கட்டுத்தரைக்கு மேல பரண்ல படுத்துட்டுப் படிச்சது. அட்டை கிடையாது, முன்னாடி நாலு பக்கமும் கிடையாது."

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்தது. பெருமாள்முருகன் பிறந்தது 1966ல். முதல் நாவல் ஏறுவெயில் வந்தது 1991ல். 1971ல் பரணில் கிடந்த புத்தகத்தை அவர் எழுதியிருக்க வழியே இல்லை. தவிர, அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத புத்தகத்தில் ஆசிரியர் பேரை இவர் எப்படிப் பார்த்திருப்பார்? கொங்குப் பேச்சில் நாவல் என்றதும் இன்றைக்கு யார் பேர் காதில் விழுகிறதோ, அந்தப் பேரை மனசு பிற்பாடு ஒட்டவைத்துக்கொண்டது. இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. ஞாபகத்தின் வழக்கமே அதுதான்.

படித்த இடமும் காலமும் ஏன் தப்பவில்லை என்றால், அவை அவருடைய சொந்த வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டவை. பரீட்சை, அத்தை வீடு, பரண் ஒவ்வொன்றும் மற்றதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆசிரியர் பேருக்கு அப்படி ஒரு பிடிமானமும் இல்லை. பாதி ஞாபகத்தில் இருக்கும் சினிமாவின் பேரைக் கேட்டு ஜனங்கள் எழுதுகிற கேள்விகளைச் சில ஆய்வாளர்கள் எடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்து, 2021ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கேள்விகளில் கதைச் சம்பவம் மட்டும் இல்லை. எப்போது பார்த்தேன், எங்கே பார்த்தேன், எது நிச்சயமில்லை என்பதையெல்லாம் சேர்த்தே எழுதியிருந்தார்கள். தப்பான ஞாபகங்களும் கலந்திருந்தன. தேடுபொறிக்கு இது பெரிய தொல்லை. நாம் தருகிற வார்த்தைகளை அது நம்புகிறது. 'பரண்' என்று தட்டினால் பரண் வருகிற பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டும். தேடல் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் டிரெக் என்ற அமெரிக்க ஏற்பாட்டில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கென்றே 2023ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். அவர் சொன்னது இது. புருஷன் செத்துப்போன ஒருத்தி. கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு போக்கிரி இருந்து தூண்டிவிடுகிறான். கடைசியில் கொலை. "அப்புறம் கோர்ட்டுல அந்தம்மா கூண்டுல நின்னு அழுவாங்க. பேச்செல்லாம் நம்ம பேச்சுங்க. எங்காத்தா பேசற மாதிரியே இருந்துச்சு."

இதில் எது துப்பு? புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கொலையைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கோர்ட்டு அழுகையை. சொல்கிறவரின் மனசில் அழுத்தமாகப் பதிந்தது எது என்பது வேறு, புத்தகங்களுக்கு நடுவில் அரிதானது எது என்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. நிலத் தகராறு, விதவை, கொலை மூன்றும் நம் கதைகளில் மலிந்து கிடக்கின்றன. ஆனால் 1971க்கு முன்னால் கொங்குப் பேச்சில் நாவல் எழுதியவர்கள் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன 'நம்ம பேச்சு'தான் கதவைத் திறந்தது.

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் கொங்கு நாவல் என்றதும் முதலில் சொல்வது நம்ம பக்கத்து கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரத்தை. பதேர் பாஞ்சாலியைத் தமிழில் தந்தவரும் அவரே. அவருடைய நாகம்மாள் 1942ல் வந்தது. புருஷனை இழந்தவள், கொழுந்தன் சின்னப்பன், பாகம் பிரிக்கச் சொல்லும் சண்டை, கெட்டியப்பன் என்கிற போக்கிரி, எல்லாம் பொருந்துகிறது. பெருமாள்முருகன் பேர் இதில் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. சண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்து புத்தகமே போட்டவர் அவர். இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து யாராவது பேசுவதை நம்ம விவசாயி எங்கேயாவது கேட்டிருக்கலாம்.

தங்கம்மாள், நாகம்மாள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அசை எண்ணிக்கை ஒன்று, கடைசிப் பகுதி ஒன்று. 1966ல் பிரவுன், மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அரிதான சொற்களின் பொருளை மாணவர்களிடம் வாசித்துக் காட்டி, சொல் நாக்கு நுனியில் நின்று வெளியே வராத நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார்கள். சொல் வராவிட்டாலும் அதன் முதல் எழுத்தையும் அசை எண்ணிக்கையையும் மாணவர்கள் நிறையத் தடவை சரியாகச் சொன்னார்கள். நம் ஆளுக்கு முதல் எழுத்து தவறிவிட்டது, வால் மிஞ்சியது. தமிழில் அந்த வால் மட்டும் போதாது. ரங்கம்மாள், லிங்கம்மாள், அங்கம்மாள் என்று ஊரில் பாதிப் பேர் அந்த வாலோடு இருக்கிறார்கள். ஆனாலும் இதில் ஒரு லாபம் உண்டு. தலைப்பு ஒரு பெண்ணின் பேர், அது 'அம்மாள்' என்று முடிகிறது. ஆசிரியர் கிடைத்த பிறகு அவருடைய மற்ற நாவல்களான அறுவடையையும் சட்டி சுட்டதையும் ஒதுக்கி வைக்க அந்த வால்தான் உதவியது.

இனி அவசரப்படக் கூடாது. "நாகம்மாளா நீங்க தேடறது?" என்று நான் கேட்டிருந்தால், "ஆமாமுங்க, அதேதான்" என்று சொல்லியிருப்பார். அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. நூலகர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை அதில் பாதி, தேடி அலுத்துப்போனது பாதி. அதனால் அவர் சொல்லாத ஒன்றை அவரிடமிருந்தே வரவழைக்க வேண்டும். அந்தப் போக்கிரியின் பேர் என்ன என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், வரவில்லை. இன்னும் இரண்டு பழைய கிராமத்து நாவல்களோடு நாகம்மாளையும் சேர்த்து, மூன்றையும் அட்டை மேலே தெரியாமல் கவிழ்த்து மேசையில் வைத்தேன். நடுவில் திறந்து படிக்கச் சொன்னேன். முதல் புத்தகத்தில் அரைப் பக்கம் படித்துவிட்டு மூடினார். இரண்டாவதில் நின்றார். உதடு அசைந்தது. "கெட்டியப்பன்! அவனேதானுங்க. இவனை எப்படி மறந்தேன்?"

கேட்டபோது வராத பேர், கண்ணில் பட்டதும் பளிச்சென்று வந்துவிட்டது. நினைவிலிருந்து இழுத்து எடுப்பதைவிடப் பார்த்து அடையாளம் காண்பது சுலபம். அதனால்தான் சொல்லிக்கொண்டே போவதைவிட, எடுத்து முன்னால் வைப்பது நல்லது.

அந்தக் கோர்ட்டு? நாவலில் கொலைக்குப் பிறகு விசாரணை, தீர்ப்பு என்று எதுவும் கிடையாது. அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் பக்கம் கிழிஞ்சிருச்சுங்களா?" என்று சந்தேகப்பட்டார். கிழியவில்லை. அந்தக் காலத்து சினிமாவில் கொலை விழுந்தால் கோர்ட்டு வராமல் படம் முடியாது. எந்தப் படத்தின் கூண்டோ வந்து இந்தக் கதையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டது. பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், 1932ல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்கிறபடி, ஒரு செவ்விந்தியக் கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து அதைத் திருப்பி எழுதச் சொல்லிப் பார்த்தார். எழுதியவர்கள் தங்களுக்குப் பழக்கமான விதமாகவே அதை மாற்றிவிட்டார்கள்; தோணி போட் ஆனது. நம்ம ஊரில் தோணிக்குப் பதில் கோர்ட்டு. அவர் சொன்ன கோர்ட்டை நான் நம்பித் தேடியிருந்தால் நாகம்மாள் என் பட்டியலிலேயே வந்திருக்காது. அதனால் துப்புகளில் ஒன்று பொருந்தவில்லை என்று ஒரு புத்தகத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். கதை முடிவு என்றால் இன்னும் ஜாக்கிரதை.

பேர் கிடைத்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. எழுத்து. ஆசிரியரை ஒரு பதிப்பு சண்முகசுந்தரம் என்று போடும், இன்னொன்று ஷண்முகசுந்தரம் என்று போடும். ஒன்றைத் தட்டினால் மற்றது வராத அட்டவணைகளை நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு நூலகங்களில் தேடுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. அங்கே தமிழை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருப்பார்கள். க எங்கே வந்தாலும் k, ச எங்கே வந்தாலும் c. Nagammal என்று தேடினால் கிடைக்காதது Nakammal என்று தேடினால் கிடைக்கும். Canmukacuntaram என்பது யார் என்று திகைக்காதீர்கள், நம்ம கீரனூர்க்காரர்தான்.

சினிமா கொஞ்சம் லேசு. பாட்டில் ஒரு வரி ஞாபகம் இருந்தால் படம் வந்துவிடும். ஆனால் பேர் மட்டும் ஞாபகம் இருந்தால் வருஷத்தையும் கேளுங்கள். படிக்காதவன் என்றால் 1985ல் ரஜினி, 2009ல் தனுஷ்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஓர் அம்மா இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். சின்ன வயதில் பொரிகடலை மடித்து வந்த காகிதத்தில் ஒரு கதையின் ஒரே ஒரு பக்கத்தைப் படித்திருக்கிறார். பத்திரிகைக் கதைகளைத் தனித்தனியாக நூலக அட்டவணைகள் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. இதழின் பேரோடு பதிவு முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் பத்திரிகையின் பேரும் இல்லை. ஒரு பையன் மழையில் கிணற்று மேட்டில் நின்று யாரையோ கூப்பிடுகிறான், பதில் வருவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. 1978, 79 இருக்கும், கோபி சந்தையில் வாங்கிய பொட்டலம். பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது என்கிறார், அதில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருப்பாளாம். விளம்பரத்தைப் பிடித்தால் வருஷத்தைப் பிடிக்கலாம் என்று இரண்டு வார இதழ்களின் பழைய கட்டுகளைப் புரட்டிவிட்டேன். பைண்டு பண்ணும்போது விளம்பரப் பக்கங்களைப் பல இடத்தில் எடுத்துப்போட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த வருஷத்து வார இதழ் யாராவது வைத்திருந்தால், கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். அந்தம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.