ரோல் ஓன் காலமை பூசுறதா, ராவில பூசுறதா?

கேள்வி: "சேர், நான் நிலாவெளியில இருந்து டவுனுக்கு பஸ்ஸில வேலைக்குப் போறனான். காலமை ஆறு மணிக்குக் குளிச்ச கையோட கமக்கட்டுக்கு ரோல் ஓன் பூசுறன். எட்டு மணிக்கு ஒஃபிஸில இறங்கேக்க சேட் நனைஞ்சிருக்கு. மூண்டு விதம் மாத்திப் பாத்திட்டன். அன்ரிபெர்ஸ்பிரன்ட் எண்டும் டியோடரன்ட் எண்டும் சொல்லுறாங்கள், ரெண்டும் ஒண்டுதானே? ராவில பூசச் சொல்லுறது உண்மையா?"

இல்லைத் தம்பி, ரெண்டும் ஒண்டில்ல. உங்கட பிரச்சினையே அதிலதான் தொடங்குது. உங்களுக்கு இருக்கிறது ஈரம். நீங்க வாங்கின மூண்டில ஒண்டு ரெண்டாவது மணத்துக்குச் செய்த சாமானா இருந்திருக்கும் எண்டு நினைக்கிறன். முதல்ல வீட்டில இருக்கிற போத்தலைத் திருப்பி, பின்னால பொடி எழுத்தில இருக்கிற சேர்மானத்தை வாசியுங்க. அலுமினியம் எண்டு தொடங்கிற பேர் ஒண்டு, அலுமினியம் குளோரோஹைட்ரேட், அலுமினியம் சேர்க்கோனியம், அலுமினியம் குளோரைட், இப்பிடி ஏதாவது இருந்தா அது அன்ரிபெர்ஸ்பிரன்ட். இல்லாட்டி அது வெறும் டியோடரன்ட். அதை எத்தினை தரம் பூசினாலும் வேர்வை ஒரு சொட்டும் குறையாது. முன்பக்கத்தில 48 மணித்தியாலம் எண்டு பெரிசாப் போட்டிருக்கிறதைப் பாத்து வாங்காதீங்க, அது மணத்தைப் பற்றின கதையாவும் இருக்கலாம்.

வேர்வைக்கு எண்டு சொந்தமா மணம் இல்ல. கமக்கட்டில ரெண்டு வகைச் சுரப்பி இருக்கு. ஒண்டு உடம்பைக் குளிராக்கிற உப்புத் தண்ணியை விடுறது, உங்கட சேட்டை நனைக்கிறது அதுதான். மற்றது கொஞ்சம் தடிப்பான, கொழுப்பும் புரதமும் சேர்ந்த வேர்வையை விடுறது. அந்த ரெண்டாவதைத் தோலில இருக்கிற பக்டீரியா உடைக்கேக்கதான் நாத்தம் வருது. டியோடரன்ட் செய்யிறது அந்த பக்டீரியாவைக் குறைக்கிறதும், மேலால வாசம் போடுறதும் மட்டும்தான். அன்ரிபெர்ஸ்பிரன்ட் செய்யிறது வேற வேலை: வேர்வை வாற குழாயின்ர வாயை அடைக்கிறது.

படிகாரக் கல்லைப் பற்றியும் சொல்லோணும். 'அலுமினியம் இல்லாத இயற்கைக் கல்' எண்டு சொல்லி விக்கிறாங்க. படிகாரமே அலுமினிய உப்புத்தான், அதால அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். அது பக்டீரியாவைக் குறைக்கும், மணத்துக்கு நல்லது. ஈரத்தை நிப்பாட்டும் எண்டு அதை நம்பியிருக்க ஏலாது.

இப்ப அந்த அடைப்பு எப்பிடி வருது எண்டு பாப்பம், ராவா காலமையா எண்டதுக்கு விடை அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க பூசுறது தண்ணியில கரைஞ்ச அலுமினிய உப்பு. அது தோலுக்கு மேல கிடந்து பிரயோசனம் இல்ல, வேர்வைக் குழாயின்ர வாய்க்குள்ள கொஞ்சம் இறங்கோணும். இறங்கின பிறகு அங்க இருக்கிற வேர்வையோடயும் அதில இருக்கிற புரதத்தோடயும் சேர்ந்து, களி மாதிரி உறைஞ்சு ஒரு சின்ன அடைப்பாகும். இது பூசின உடன நடக்கிற காரியம் இல்ல, சில மணித்தியாலம் வேணும். அந்த நேரத்தில குழாய்க்குள்ள மெல்லிசா ஈரம் இருக்கலாம், ஆனா வேர்வை ஓடக் கூடாது.

உங்கட காலமையை இதோட வச்சுப் பாருங்க. ஆறு மணிக்குக் குளிக்கிறீங்க. துவாயால துடைச்சாலும் கமக்கட்டு மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். அதுக்கு மேல பூசேக்க மருந்து ஐதாகுது. ஆறரைக்கு பஸ்சுக்கு நிக்கிறீங்க. வெயில் ஏறுது, பஸ்ஸுக்குள்ள நெரிசல், கச்சான் காத்து வீசுற மாதங்கள் எண்டா சொல்லத் தேவையில்ல. வேர்வை உள்ளுக்கிருந்து வெளியால தள்ளுது. மருந்து வெளியில இருந்து உள்ளுக்குப் போகப் பாக்குது. ஓடுற வாய்க்காலில எதிர்ப்பக்கமாச் சீமெந்து பூசுற மாதிரித்தான். அடைப்பு உறைய முதலே எல்லாம் கழுவுப்பட்டு சேட்டில போய் ஒட்டுது. நீங்க காசு குடுத்து வாங்கின சாமான்ல அரைவாசி உங்கட சேட்டுக்குத்தான் போகுது எண்டு சொன்னாலும் பிழையில்ல.

ராவில படுக்கேக்க நிலைமை வேற. ஆள் அசையிறதில்ல, வெயில் இல்ல, பதட்டம் இல்ல. கமக்கட்டு வேர்வை பயத்துக்கும் அவசரத்துக்கும்கூட வாறது எண்டதை மறக்கக் கூடாது. உடம்பு தன்ர பாட்டில வேர்வையைக் குறைச்சு வச்சிருக்கிற நேரம் அது. ஆறு ஏழு மணித்தியாலம் மருந்து இருந்த இடத்தில இருக்கும், அடைப்பு வடிவா உறையும். அதுக்குப் பிறகு காலமை சவர்க்காரம் போட்டுக் குளிச்சாலும் பயப்பிட வேண்டாம். கழுவுப்படுறது தோலுக்கு மேல நிக்கிற மிச்சம்தான். அடைப்பு குழாய்க்குள்ள இருக்கு, தோல் உதிர்ந்து புதுசாக புதுசாகத்தான் சில நாளில கழண்டு போகும். காலமை பூசினா வேலையே செய்யாது எண்டில்ல, ஏசி அறையில இருக்கிற ஆளுக்கு அதுவும் காணும். எங்கட ஊர்ச் சூட்டில பஸ்ஸில போற ஆளுக்கு ராத்தான் சரி.

செய்யிற விதம் இப்பிடி. பின்னேரம் அல்லது ராவில குளியுங்க, இல்லாட்டிக் கமக்கட்டை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. துவாயால ஒத்தி எடுத்திட்டு ஃபானுக்குக் கீழ கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் இருங்க. தொட்டுப் பாத்தா பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. பிறகு மயிர் இருக்கிற இடம் முழுக்க மேல ரெண்டு, கீழ ரெண்டு இழுவை. அவ்வளவு காணும். தடிப்பாப் பூசினா கூடுதலா வேலை செய்யாது, காயாமப் படுக்கையிலதான் ஒட்டும். அஞ்சு நிமிசம் காய விட்டு, பழைய பெனியன் ஒண்டைப் போட்டுக்கொண்டு படுங்க. கரண்ட் போய் புழுங்கிற இரவெண்டா அண்டைக்கு விட்டிடுங்க, வேர்க்க வேர்க்கப் பூசி ஒண்டும் நடக்காது. காலமை குளிச்சிட்டு, மணத்துக்கு விருப்பமெண்டா சாதாரண டியோடரன்ட் பூசலாம். ஒண்டுக்கொண்டு இடைஞ்சல் இல்ல.

முதல் நாளே பலனை எதிர்பாக்காதீங்க. ஒவ்வொரு ராவும் விடாம ஒரு கிழமை செய்யுங்க. ஈரம் குறைஞ்ச பிறகு கிழமைக்கு ரெண்டு மூண்டு ரா காணும்.

வேலை செய்யுதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சுகமான வழி இருக்கு. முதல் கிழமை வலப்பக்கம் மட்டும் பூசுங்க, இடப்பக்கத்தை விட்டிடுங்க. ஏழாம் நாள் காலமை ஒஃபிஸில இறங்கின உடன, ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு டிஷ்யூவை வச்சு ஒரு நிமிசம் கையை ஒடுக்கிப் பிடிச்சிட்டு எடுத்துப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே பஸ், ஒரே ஆள். வித்தியாசம் வந்தா அது மருந்தால வந்தது. வித்தியாசமே இல்லையெண்டா ஒண்டில் அது அன்ரிபெர்ஸ்பிரன்ட் இல்ல, அல்லது ஈரத்தில பூசியிருக்கிறீங்க. ஆனா முழுக்கக் காய்ஞ்சு போகும் எண்டு நினைக்க வேண்டாம். அமெரிக்காவின்ர விதிப்படி ஒரு சாமானை அன்ரிபெர்ஸ்பிரன்ட் எண்டு விக்கிறதுக்கு, வேர்வையை 20 சதவீதம் குறைச்சாலே காணும். சேட்டில பெரிய வட்டம் சின்ன வட்டமாகிறதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

கனபேர் இடையில விட்டிடுறது கடி, எரிவு காரணமாத்தான். காரணம் அநேகமா ஈரம். அலுமினியம் குளோரைட் தண்ணியோட சேரேக்க ஐதரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் உண்டாகும். காய்ஞ்ச தோலில அது பெரிசாத் தெரியாது. ஈரத் தோலில, அதுவும் அண்டைக்குச் சவரம் செய்த தோலில, நல்லா எரியும். அதால சவரம் செய்த ராவு பூசாதீங்க, அடுத்த ராப் பூசுங்க. சிவந்திட்டுது எண்டா ரெண்டு மூண்டு நாள் நிப்பாட்டி, ஆறின பிறகு ஒரு ரா விட்டு ஒரு ராவாத் தொடங்குங்க. தோல் வெடிச்சோ நீர் கசிஞ்சோ இருந்தா பூசவே கூடாது.

வெள்ளைச் சேட்டில கமக்கட்டுப் பக்கம் வாற மஞ்சள் கறையும் இதே உப்பும் வேர்வையும் சேர்ந்ததுதான். ராவில பூசினா அது பெனியனோட போயிடும், வேலைச் சேட் தப்பும். ஏற்கெனவே விழுந்த கறைக்கு குளோரின் பிளீச் போடாதீங்க, மஞ்சள் கூடத்தான் செய்யும். தோய்க்க முதல் வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து அரை மணித்தியாலம் ஊற வச்சிட்டுத் தோயுங்க.

பயம் பற்றி ரெண்டு வசனம். அன்ரிபெர்ஸ்பிரன்ட் மார்புப் புற்றுநோயைக் கொண்டு வரும் எண்ட கதைக்கு ஆதாரம் கிடைக்கேல்ல. ஆனா சிறுநீரக நோய் இருக்கிற ஆக்கள் வைத்தியரைக் கேட்காமப் பாவிக்கக் கூடாது, அலுமினியத்தை வெளியேத்திறது சிறுநீரகம்தான். பக்கத்து வடமத்திய மாகாணத்தில அந்த நோய்க்காரர் எவ்வளவு பேர் எண்டு எங்களுக்குத் தெரியும், அந்தக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனியுங்க.

தம்பி, ரெண்டு கிழமை சரியான சாமானைக் காய்ஞ்ச தோலில ராவில பூசியும் சேட் ஊறுது எண்டா, பாமசியில 20 சதவீத அலுமினியம் குளோரைட் கரைசல் இருக்கோ எண்டு கேளுங்க. பூசுற விதம் இதேதான், கடி மட்டும் கூட இருக்கும், காலமை கட்டாயம் கழுவோணும். உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம் சொட்டச் சொட்ட வேர்க்குது எண்டாலோ, படுக்கை நனையிற மாதிரி ராவில வேர்த்து காய்ச்சலும் மெலிவும் இருக்குது எண்டாலோ, ரோல் ஓனை வச்சிட்டு வைத்தியரிட்டப் போங்க.