கட்டைக்கு அடியில் நிற்கும் மீன்

வணக்கம். சூரை மீனைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் என்றார்கள். முப்பது வருடம் மீன்வளம் சொல்லிக்கொடுத்தவனிடம் பன்னிரண்டு நிமிடத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? சரி, பார்ப்போம்.

சுருக்குமடி என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அதை 2000-இல் தடை செய்தார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அந்தச் சண்டையெல்லாம் செய்தியில் கேட்டிருப்பீர்கள். நம் ஊர்ச் சுருக்குமடி மத்திக்கும் அயிலைக்கும் போடுவது. நான் இன்றைக்குச் சொல்லப்போவது அதன் பெரியப்பா.

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியில், சீஷெல்ஸ் தீவின் விக்டோரியா துறைமுகத்தை நடுவாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டு முதலாளிகளின் கப்பல்கள் சூரை பிடிக்கின்றன. 1980-களில் அட்லாண்டிக்கிலிருந்து வந்தவை. ஒரு வலை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இருநூறு மீட்டர் ஆழம். ஒரு முனையைச் சின்னப் படகு பிடித்துக்கொள்ள, கப்பல் மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு வரும். வலையின் அடியில் வளையங்கள், வளையங்களுக்குள் ஒரு கம்பிக் கயிறு. அந்தக் கயிற்றை இழுத்தால் அடிவாய் மூடிக்கொள்ளும். பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். இது அப்படியே தலைகீழாக, கடலுக்குள்.

பிடிப்பது இருக்கட்டும், மீனைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. சூரை ஓடுகிற மீன். கூட்டத்தைக் கண்டு வலை போட்டாலும் பாதிக்குப் பாதி தப்பிவிடும், சுருக்குவதற்குள் அடிவழியே இறங்கிப் போய்விடும். ஆனால் கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தால், அதன் அடியில் வந்து நிற்கும். ஏன் நிற்கிறது? கட்டை மிதக்கும் இடத்தில் இரையும் இருக்கும் என்று பழகிப்போனது என்பார்கள் சிலர். சிதறிப்போன கூட்டம் திரும்பச் சந்திக்க அது ஓர் அடையாளம், பேருந்து நிறுத்தம் மாதிரி என்பார்கள் வேறு சிலர். இன்னும் அடித்துச் சொல்ல ஆளில்லை. நிற்கிறது என்பது மட்டும் நிச்சயம். நம்மவர்களுக்கும் இது தெரியும். கணவாய்க்குத் தென்னங்குலையும் ஓலையும் கட்டி இறக்குகிறவர்கள் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள்தானே.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். என் மாணவர்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடல் படகில் போனேன். படகு என் அத்தானுடையது. லட்சத்தீவையும் தாண்டி மேற்கே போய்விட்டோம். ஒரு நாள் மதியம், அணியத்தில் நின்ற பையன், “சாரே, கட்டை!” என்று கத்தினான். கிட்டே போய்ப் பார்த்தால் கட்டை இல்லை. மூங்கிலை அடுக்கிக் கட்டிய தெப்பம், பாய் விரித்த மாதிரி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். மேலே பழைய கறுப்பு வலையைச் சுற்றியிருந்தார்கள். அடியில் அதே பழைய வலை, தொங்கத் தொங்க, கண்ணுக்கெட்டாத ஆழம் வரை. பக்கத்தில் கயிற்றில் கட்டிய ஒரு மிதவை, பெரிய தவலை அளவில். அதன் தலையில் சூரிய ஒளித் தகடுகள்.

பையன் மிதவையை அவிழ்க்கப் போனான். அத்தான் தடுத்தார். “தொடாதடே, எங்கேயோ ஒருத்தன் இதைப் பார்த்துக்கிட்டிருக்கான்.” அவர் சொன்னது சரிதான். அந்தப் பெரிய கப்பல்காரர்கள் மீனைச் சேர்க்க மிதக்கவிட்ட தெப்பம் அது. அந்த மிதவை தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கப்பலுக்குச் சொல்லும். அடியில் ஒலி அனுப்பி, எவ்வளவு மீன் நிற்கிறது என்றும் சொல்லும். கப்பல் தலைவர் நூறு மைலுக்கு அப்பால் காப்பி குடித்துக்கொண்டே எந்தத் தெப்பத்துக்குப் போகலாம் என்று தீர்மானிப்பார். விடியும் முன்னால் போய் வலையைச் சுற்றுவார்கள், அந்த நேரத்தில்தான் மீன் தெப்பத்தை ஒட்டி நெருங்கி நிற்கும். பத்துக்கு ஒன்பது தடவை தப்பாது.

நாங்கள் அங்கே தூண்டில் போட்டோம். போட்டதும் கடித்தது. பெரும்பாலும் வரிச்சூரை, நடுநடுவே மஞ்சள் துடுப்புச் சூரை. கையில் அளவுகோல் இருந்தது, அளந்தேன். நாற்பத்தாறு சென்டிமீட்டர், நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. மஞ்சள் துடுப்பு ஆளானால் அறுபது எழுபது கிலோ சாதாரணம். நீளம் ஒரு மீட்டரை நெருங்கும்போதுதான் முட்டையிடத் தயாராகும். கையில் இருந்தவை மூன்று கிலோவுக்கு மேல் தேறாத குஞ்சுகள். வரிச்சூரை அப்படியில்லை, நாற்பது சொச்சம் சென்டிமீட்டரிலேயே முட்டையிடும், வருடம் முழுக்க இடும். அதே அளவில் ஒன்று குடும்பஸ்தன், இன்னொன்று பள்ளிக்கூடப் பையன். இரண்டும் ஒரே தெப்பத்தடியில் ஒன்றாக நிற்கின்றன. வலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, பெருங்கண் சூரை. குஞ்சில் அதற்கும் மஞ்சள் துடுப்புக்கும் வெளியே பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. வயிற்றைக் கீறி ஈரலைப் பார்க்க வேண்டும். மஞ்சள் துடுப்பின் ஈரல் வழவழப்பாக இருக்கும், பெருங்கண் ஈரலில் கோடு கோடாக இருக்கும். நான் கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சமையல்காரர் குழம்புக்கு வேலை நடக்கிறது என்று நினைத்துப் புளியைக் கரைத்துவிட்டார்! கப்பலில் டன் கணக்கில் உப்புநீர்த் தொட்டிக்குள் போகும் மீனை யார் ஈரல் பார்ப்பது? பெருங்கண் குஞ்சு மற்றவற்றின் பெயரில் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் துறைமுகத்தில் மாதிரி எடுத்து எண்ணிக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

இப்போது என் பழைய பல்லவி. மீனை டன்னில் எண்ணாதீர்கள், தலையில் எண்ணுங்கள்.

ஒரு தெப்பத்தில் முப்பது டன் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். இருபது டன் வரிச்சூரை, எட்டு டன் மஞ்சள் துடுப்பு, இரண்டு டன் பெருங்கண். அந்த எட்டு டன் மஞ்சள் துடுப்பு, ஒன்று மூன்று கிலோ என்றால் சுமார் 2,700 மீன். தெப்பம் இல்லாமல் சுதந்திரமாக ஓடும் பெரிய கூட்டத்தில் அதே எட்டு டன் பிடித்தால், ஒன்று நாற்பது கிலோ என்று வைத்தால், 200 மீன். காகிதத்தில் இரண்டும் எட்டு டன். குஞ்சுகள் எல்லாம் பிழைத்திருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலில் குஞ்சுகள் பாதிக்கு மேல் தானாகவே இரையாகும். மூன்றில் ஒன்றுதான் பிழைக்கும் என்று வையுங்கள். அப்போதும் 900 மீன், நாற்பது கிலோ வீதம் 36 டன். எட்டு டன்னுக்காக முப்பத்தாறு டன்னை விட்டுக்கொடுத்திருக்கிறோம். அந்த 900 போடும் முட்டைகளை இன்னும் சேர்க்கவில்லை.

இதைத் தலையில் எண்ணாததால் வந்த விபரீதம் ஒன்று. 2015-இல் மஞ்சள் துடுப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆணையம் 2017-லிருந்து வரம்பு போட்டது. இந்தப் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் 2014-இல் பிடித்ததில் நூற்றுக்குப் பதினைந்து குறைக்க வேண்டும். வரம்பு டன்னில். கப்பல்காரர் என்ன செய்வார்? பெரிய மஞ்சள் துடுப்புக் கூட்டத்தில் ஒரே ஒரு வலை போட்டாலே அவருடைய பங்கு மளமளவென்று கரையும். தெப்பத்தடியில் போட்டால் முக்கால்வாசி வரிச்சூரை, பங்கு மெல்லக் கரையும். எனவே தெப்பத்துக்கே போனார். வரம்புக்கு உட்பட்டுத்தான் பிடித்தார், தப்பு சொல்ல முடியாது. மஞ்சள் துடுப்பைக் காப்பாற்ற வந்த வரம்பு, அதன் குஞ்சு நிற்கும் இடத்துக்கே கப்பலைத் தள்ளியது. 2024-இல் புதிதாகக் கணக்குப் போட்டபோது மஞ்சள் துடுப்பின் நிலை தேறியதாகச் சொன்னார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் குஞ்சின் கணக்கு குஞ்சின் கணக்குதான்.

அந்தத் தெப்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. தொங்கிய பழைய வலையில் ஒரு சுறா மாட்டிக்கொண்டு செத்திருந்தது. என் கை நீளம் இருக்கும். தோல் பட்டுப்போல வழவழப்பு, ஆங்கிலத்தில் பட்டுச் சுறா என்றே பெயர். இந்தச் சுறாவின் குட்டிகளுக்கும் தெப்பத்தடி பிடித்த இடம். இரண்டு இரவு அங்கேயே கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் சுறா இல்லை. வேறு மீன் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு 2013-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஃபில்மால்ட்டர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சுறாக்களுக்குக் குறிக்கருவி மாட்டியும், தண்ணீருக்குள் மூழ்கித் தெப்பங்களைப் பார்த்தும் எழுதியது. வலையில் சிக்கிச் செத்த சுறா ஓரிரு நாளில் கழன்று மூழ்கிவிடுகிறது. அதனால் கப்பல்காரர் கண்ணில் படுவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அப்படி இந்தியப் பெருங்கடலில் மட்டும் வருடத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரத்திலிருந்து ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் வரை சாகும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கப்பல்கள் வலையோடு மேலே ஏற்றுவதைப் போல ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்கு. அப்படி மேலே ஏற்றியதிலும், செத்தே வருபவை, கடலில் விட்ட பிறகு சாகிறவை எல்லாம் போக, ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கிறது.

கிளாத்தி போன்ற வேறு மீன்களும் சேர்ந்து வரும். எடையில் பார்த்தால் ஆயிரம் டன் சூரைக்கு முப்பது நாற்பது டன்தான். இறால் மடியோடு ஒப்பிட்டால் இது யோக்கியமான மடி. ஆனால் சுறா வருடத்துக்கு ஆயிரம் குஞ்சு பொரிப்பதில்லையே, அதனால்தான்...

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். என்ன செய்திருக்கிறார்கள் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன். சிக்கவைக்கும் வலை தெப்பத்தில் கூடாது என்று 2020-லிருந்து விதி. தொங்குவது கயிறாக இருக்கலாம், கண்ணி இருக்கக்கூடாது. கப்பலுக்கு இத்தனை மிதவை என்ற வரம்பும் உண்டு, 550-இல் தொடங்கி 300 ஆனது, 2026-லிருந்து 250. வருடத்தில் 72 நாள் தெப்ப மீன்பிடிப்பையே நிறுத்தலாம் என்று 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் கூடிய ஆணையத்தில் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் ஆட்சேபம் எழுதிக்கொடுத்தன, அது செல்லாமல் போனது. மக்கிப்போகும் பொருளில் தெப்பம் செய்வது, மாலத்தீவுப் பவளத் திட்டுகளில் இவை ஒதுங்கிக் கிடப்பது, இதெல்லாம் சொல்ல நேரமில்லை.

ஒரு விரல்தான் இப்போது தெரிகிறது. அந்தத் தெப்பத்தை நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வலையை மட்டும் அறுத்துப் படகில் ஏற்றிக்கொண்டோம். மிதவையை அப்படியே விட்டுவிட்டோம், அத்தான் தொட விடவில்லை. வணக்கம்.