501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்: கரண்ட் பில் கேள்வி-பதில் தாள்

வணக்கம். கையில் இருக்கும் இந்தத் தாளைப் பார்க்கிறீர்களா? எங்கள் தெருவில் ஆளாளுக்கு வந்து "இந்தத் தடவை பில் ஏன் இவ்வளவு?" என்று கேட்டதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே பதிலும் எழுதி, மாடிப்படி ஓரம் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தேன். போன மழையில் நனைந்துவிட்டது. இது இரண்டாம் பதிப்பு. ஒட்டுவதற்கு முன்னால் உங்களோடு சேர்ந்து ஒருமுறை படித்துவிடலாம் என்று கேமராவை எடுத்தேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கான கணக்கு. தாளில் இருக்கும் விலைகள் 2022 செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்த பட்டியலில் இருந்து எடுத்தவை. அதற்குப் பிறகு 2024 ஜூலையில் 4.83 சதவீதம் கூடியது. அப்படியானால் பழைய விலையை ஏன் வைத்திருக்கிறேன்? 4.50, 6, 8 என்று இருந்தால் வாயிலேயே கணக்குப் போட்டுவிடலாம். முறை அதேதான். உங்கள் பில்லில் இருக்கும் விலையை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முதல் கேள்வி. "யூனிட் என்றால் என்ன?" ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம், அல்லது 100 வாட் குண்டு பல்பு பத்து மணி நேரம். மீட்டரில் kWh என்று வரும் எண்தான் அது. மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று பல எண்கள் மாறி மாறி வரும். kWh என்று ஓரத்தில் தெரியும் போது நிற்கும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுத் தாத்தா ஒருமுறை வோல்டேஜைக் குறித்துவிட்டு "231 யூனிட்தான் ஓடியிருக்கு" என்று சந்தோஷமாக இருந்தார்.

இப்போதைய எண்ணில் இருந்து போன தடவை எண்ணைக் கழித்தால் இரண்டு மாத யூனிட். இங்கே ஸ்லாப், அதாவது இத்தனை யூனிட் வரை இந்த விலை என்ற படிகள், எல்லாமே இரண்டு மாதத்துக்கு. வேறு மாநிலத்தில் இருந்து குடிவந்தவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள், ஏனென்றால் பல ஊர்களில் மாதாமாதம் பில்.

இரண்டாவது கேள்விதான் இந்தத் தாளின் உயிர். "500-ஐத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் எட்டு ரூபாயா?" இல்லை. ஆனால் இப்படி நினைப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, ஏனென்றால் உள்ளே ஒரு பொறி இருக்கத்தான் செய்கிறது.

படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட் வரைக்கும் உள்ள வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-இல் வந்தது, எல்லா வீட்டுக்கும் உண்டு. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25. அங்கிருந்து 400 வரை 4.50. கடைசி நூறுக்கு 6 ரூபாய். சரியாக 500 ஓடிய வீட்டுக்கு 225, அப்புறம் 900, அப்புறம் 600. மொத்தம் 1725 ரூபாய்.

இப்போது ஒரே ஒரு யூனிட் கூட ஓடுகிறது, 501. முதல் நூறு அப்போதும் இலவசம். ஆனால் 101 முதல் 200 வரை இருந்த அந்த 2.25 சலுகை போய்விடுகிறது. 101-இல் இருந்து 400 வரை முழுக்க 4.50 ஆகிறது, அதாவது 1350. அதற்கு மேல் 600. கடைசி ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1958. வித்தியாசம் 233 ரூபாய். அதில் எட்டு ரூபாய்தான் அந்த யூனிட்டின் விலை. மிச்சம் 225 ரூபாய் பின்னால் விட்டுவந்த சலுகை.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஏப்ரல், மே பில். பழைய எண் 18,240, புது எண் 18,770. 530 யூனிட். கணக்கு என்ன? 1350, 600, அப்புறம் 30 யூனிட்டுக்கு எட்டு எட்டாக 240. மொத்தம் 2190. 500-இல் நிறுத்தியிருந்தால் 1725. ஆக, அந்த முப்பது யூனிட்டுக்கு நான் கொடுத்தது 465 ரூபாய், யூனிட்டுக்கு பதினைந்தரை. என் மனைவி இதைக் கேட்டதும் படுக்கையறை ஏசி ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். வெயில் காலம் முடிந்த பிறகு!

"எங்கே மாட்டுவோம் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?" இது நான்காம் மாடி அக்கா கேட்டது. ரீடிங் எடுத்து 45-ஆம் நாள் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 410 ஓடியிருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு ஒன்பதுக்குச் சற்று மேல். இதே வேகத்தில் போனால் 60-ஆம் நாள் 547-இல் நிற்கும். 500-க்குள் வர வேண்டுமானால் மீதி 15 நாளுக்கு 90 யூனிட்தான் கை இருப்பு, நாளைக்கு ஆறு. ஒன்றரை டன் ஏசி, வெக்கையான இரவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவில் மூன்றரை மணி நேரம் குறைத்தால் போதும். மற்றபடி பல்பை அணைத்து அணைத்து வாழ்ந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. எல்இடி பல்பு ஒன்பது வாட், நாள் முழுக்க எரிந்தாலும் கால் யூனிட்டைத் தொடாது.

ஆனால் முன்பே 600-ஐத் தாண்டிய வீட்டுக்கு இந்த 500 கணக்கு உதவாது. அங்கே அந்தப் பொறியில் ஏற்கெனவே விழுந்தாயிற்று, இனி ஒவ்வொரு யூனிட்டும் அதனதன் படிக்கட்டு விலைதான், 600-க்கு மேல் ஒன்பது ரூபாய், 800-க்கு மேல் பத்து. குறைத்தால் குறைத்த அளவுக்குத்தான் மிச்சம்.

அடுத்தது கொஞ்சம் கோபமான கேள்வி. "ரீடிங் எடுக்க வருகிறவர் தாமதமாக வந்தால் நான் ஏன் கூடக் கட்ட வேண்டும்?" ஒரு வருடம் ரீடிங் எடுக்க ஆள் வர 66 நாள் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 8.2 யூனிட் என்ற கணக்கில் 60 நாளுக்கு 492 யூனிட், 1677 ரூபாய். 66 நாளில் அது 541 ஆகி, 2278 ரூபாய். ஆறு நாளுக்கு 601 ரூபாய் கூடுதல்.

கத்துவதற்கு முன்னால் அடுத்த பில்லையும் பாருங்கள். அடுத்த தடவை ஆள் சரியான தேதிக்கு வந்தால் அது 54 நாள் பில். 443 யூனிட், 1383 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3661. இரண்டுமே ஒழுங்காக 60 நாளில் எடுத்திருந்தால் 3354. அப்படியென்றால் உண்மையான நட்டம் 307 ரூபாய், 601 இல்லை. பாதி திரும்பி வந்துவிடுகிறது, பாதி பொறியில் போய்விடுகிறது. ஆகவே பில்லில் பணத்தைப் பார்ப்பதற்கு முன், பழைய தேதிக்கும் புதுத் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். முறையிடப் போனாலும் கையில் அந்த இரண்டு தேதிகளும் இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

"எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்தும் மீட்டர் ஓடுகிறது, மீட்டர் கோளாறா?" இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்வர்ட்டர். வீட்டு ஸ்விட்ச்களை அணைத்தால் இன்வர்ட்டர் அணையாது, அது தன் பாட்டுக்கு பேட்டரியை ஏற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி வயதாகிவிட்டால் ஏற்றி முடிப்பதே இல்லை. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், எங்கள் வீட்டில் 3200. வீட்டின் மெயின் ஸ்விட்ச்சை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் அந்த விளக்கைப் பாருங்கள். நின்றுவிட்டால் மின்சாரத்தை இழுப்பது உள்ளே இருக்கும் சாமானோ ஒயரோ. மெயினை இறக்கியும் மினுக்கினால் மட்டும் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கடைசிக் கேள்வி, வாடகைக்கு இருப்பவர்களுடையது. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துவது. "கீழே ஓனர், மேலே நாங்கள், ஒரே மீட்டர். பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம், சரிதானே?" பாதியாகப் பிரிப்பது நியாயமாகத் தெரிகிறது, ஆனால் இரண்டு குடும்பமுமே நட்டப்படுகிறது. ஆளுக்கு 300 யூனிட் என்று வையுங்கள். ஒரே மீட்டரில் அது 600. 1350, 600, அப்புறம் 800, மொத்தம் 2750. ஆளுக்கு 1375. தனித் தனி இணைப்பாக இருந்தால்? 300 யூனிட் வீட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 225, அதற்கடுத்த நூறுக்கு 450. ஒரு வீட்டுக்கு 675. இரண்டு வீடும் சேர்த்தே 1350. ஒரு இலவச நூறு, இரண்டு சலுகை நூறு, எல்லாம் ஒரே மீட்டரில் கரைந்துபோகின்றன.

சில ஓனர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். அந்த 300 யூனிட்டுக்கு 3000 ரூபாய்! இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து வந்த பில்லே 2750. சண்டை போடச் சொல்லவில்லை, மெயின் மீட்டர் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மொத்த ரூபாயை மொத்த யூனிட்டால் வகுத்தால் 4.58 வருகிறது. அதை உங்கள் சப்-மீட்டர் யூனிட்டால் பெருக்கிக் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது பற்றியும் ஓனரிடம் பேசலாம். ஆனால் ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வாங்கி யூனிட்டைப் பிரித்துக்கொள்வது வேறு விஷயம், அதை ஆய்வில் பிடித்தால் ஒன்றாக்கிவிடுவார்கள்.

அவ்வளவுதான் தாள். இந்தத் தடவை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டப் போகிறேன். ஒரு நிமிடம், இன்று எங்கள் மீட்டருக்கு 45-ஆம் நாள். போய்ப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்கிறேன்... 371. நாளைக்கு எட்டேகால் வருகிறது. 60 நாளில் 495. ஏசியை அரை மணி நேரம் முன்னாடியே அணைக்கணும் போல.