எரிகிற வீட்டில் பிடுங்கப் போகாதீர்கள்

(ஹட்டன் நகரில் தோட்ட மக்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தைத் தந்துதவிய பாடசாலை அதிபர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து சிறப்பிக்கும் ஆலயக் குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர்மார்களே, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் மாதர் சங்கத் தலைவிமார்களே, வர்த்தக சங்கப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கும், பிளேன்டீ ஊற்றித் தந்த சகோதரிகளுக்கும் நன்றி சொல்லாமல் தொடங்கினால் அது மரியாதை ஆகாது.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, தீப்பிடித்த அறை ஒரே நொடியில் முழுக்கப் பற்றுவது. தீயணைப்புப் படையினர் இதை ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். இரண்டாவது, மூடிக் கிடக்கும் அறையைத் திறந்ததும் தீ வெடித்துக்கொண்டு வெளியே வருவது. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பேக்டிராஃப்ட். மூன்றாவது, காஸ் சிலிண்டர்.

நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். "எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்." நான் போகும் கூட்டத்திலெல்லாம் இந்தப் பழமொழியோடு சண்டை பிடிப்பவன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஓலைக் கூரையும் திறந்த முற்றமும் இருந்த காலத்துச் சொல் அது. புகை மேலே போய்விடும், மனிதன் கீழே ஓடி ஓடிச் சாமான் எடுக்கலாம். நம் லயக் காம்பராவில் அதற்கு வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. குளிருக்காக ஜன்னலை அடைத்திருக்கிறோம். தகரத்துக்குக் கீழே பொலித்தீன், மட்டை, ரெஜிபோம் என்று கிடைத்ததைக் கொண்டு சீலிங் அடித்திருக்கிறோம். உள்ளே ஸ்பொஞ்ச் மெத்தை, நைலோன் திரை, பிளாஸ்டிக் கதிரை.

அந்த அறையில் ஒரு மூலையில் தீப்பிடித்தால் என்ன நடக்கிறது? சூடான புகை மேலே போய்க் கூரைக்கடியில் தங்குகிறது. புகை என்பது வெறும் கரி அல்ல. முழுதாக எரியாமல் மிஞ்சிய எரிவாயு அதில் கலந்திருக்கிறது. அந்தப் படலம் தடித்துக்கொண்டே கீழே இறங்கும், சூடும் ஏறும். ஐந்நூறு, அறுநூறு பாகை செல்சியஸ் ஆகிவிட்டால், தீ தொடாத பொருளையும் மேலிருந்தே வறுக்கத் தொடங்கும். வீட்டில் கேக் சுட மூடிமேல் கங்கு பரப்பி வைப்போமே, அதே வேலைதான். அந்த நேரம் தரையில் விழும் வெப்பம் உச்சி வெயிலைவிடச் சுமார் இருபது மடங்கு. கட்டில், துணி, கதிரை, தரையில் கிடக்கும் கடதாசி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத் தீப்பிடிக்கும். அதற்குப் பிறகு அந்த அறையில் மனிதன் உயிரோடு இருக்க முடியாது. முழுக்கவசம் போட்ட தீயணைப்பு வீரனுக்கே சில நொடிதான். பழைய மரச் சாமானும் பருத்தித் துணியும் இருந்த அறையில் இந்த நிலை வர அரை மணி நேரம்வரை ஆகலாம். ஸ்பொஞ்ச் மெத்தையும் பிளாஸ்டிக்கும் உள்ள அறையில் மூன்று நான்கு நிமிடத்தில் வந்துவிடும் என்று பரிசோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கேயிருந்து வந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய நாள். மழை. எல்லா வீட்டிலும் பலகாரம் சுடுகிறார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயப்போட்டிருந்தார்கள், அதில் தீ ஏறிவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பு வழியாக வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும் வந்தாயிற்று என்று எண்ணிப் பார்த்து மூச்சு விடுகிற நேரத்தில், அந்த வீட்டுப் பெரியவர் திரும்பி உள்ளே போகிறார். எதற்கு? கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டிக்கு. அந்தப் பெட்டியில் நகை இல்லை, பணம் இல்லை. அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் இத்தனை பேர் இந்தப் பக்கம் இத்தனை பேர் என்று பங்கு போடப்பட்ட சனம் நாங்கள். அந்தக் கடதாசிக்காகக் கச்சேரி வாசலில் நாள் நாளாகக் காத்து நின்ற மனிதர் அவர். "ஒரு நிமிசந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த லயத்துப் பையன் ஒருவன் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்பவன், பெருநாளுக்கு வந்திருந்தான். அங்கே அவனுக்குத் தீப்பயிற்சி கொடுத்திருந்தார்கள். வாசலில் குனிந்து உள்ளே பார்க்கிறான். புகை நெஞ்சு மட்டத்துக்கு இறங்கிவிட்டது. சற்று முன் தலைக்கு மேல் நின்ற புகை அது. பெரியவர் சூடு தாங்காமல் தானாகவே மண்டியிட்டுத் தவழ்கிறார். தீ அடுப்புப் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கச் சுவரில் தொங்கும் கலண்டர் சுருளுகிறது. தீயே போகாத கட்டிலில் மடித்து வைத்த கம்பளியிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது. நிமிர்ந்து பார்த்தால் கருப்புப் புகைக்கு நடுவே சின்னச் சின்ன நாக்காகத் தீ ஓடி ஓடி மறைகிறது. "மாமா, பெட்டிய விடுங்க, வந்துருங்க!" என்று கத்தினான். அவர் விடவில்லை. பெட்டியின் கைப்பிடியில் ஒரு கை. பையன் தரையோடு தரையாகப் படுத்து, அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தான். சாரம் கிழிந்தது, முழங்கால் சிராய்ந்தது, பெட்டி உள்ளேயே நின்றது. இருவரும் இஸ்தோப்புப் படியைத் தாண்டி முற்றத்துச் சேற்றில் விழுந்தார்கள். பெரியவர் எழுந்து அந்தப் பையனைத் திட்ட வாயெடுக்கிறார், அப்போது வாசல் அளவுக்கு முழுசாகத் தீ வெளியே வந்தது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று அவரும் நினைத்துத்தான் போனார். அந்தப் பையன் பார்த்தது நான்கு அடையாளம். புகைப் படலம் மளமளவென்று இறங்கியது. மேலிருந்து வந்த சூடு ஆளைக் குனிய வைத்தது. தீ தொடாத பொருள் புகைந்தது. கடைசியாகக் கூரையடியில் தீ நாக்கு ஓடியது. முதல் அடையாளத்திலேயே கிளம்பிவிட வேண்டும். நான்காவதைப் பார்த்துவிட்டு யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. வாளித் தண்ணீர் தேட வேண்டாம். தரையோடு தவழ்ந்து வெளியே வாருங்கள், வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பத்திரங்களைப் பொறுத்தவரை, இன்றைக்கே படப்பிரதி எடுத்து வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் எரிந்தால் பதிவாளரிடம் இன்னொரு பிரதி எடுக்கலாம்.

கதவைச் சாத்தினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். தீக்குக் காற்று குறையும், பக்கத்து அறையில் இருப்பவருக்கு நேரம் கிடைக்கும். ஆனால் சாத்திய கதவை மறுபடி திறக்கக் கூடாது. இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது.

நியூயோர்க் நகரில் வாட்ஸ் ஸ்ட்ரீட் என்ற தெருவில் 1994 மார்ச் 28 அன்று நடந்தது. குப்பை போட்ட பிளாஸ்டிக் பையொன்றைக் காஸ் அடுப்பின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். குளிர் புகாதபடி இறுக்கி அடைத்த வீடு. அடுப்பில் அணையாமல் நிற்கும் சிறு சுடரில் பை பற்றி, தீ பரவி, உள்ளேயிருந்த காற்றைத் தின்று தீர்த்துவிட்டுச் சுமார் ஒரு மணி நேரம் அரை உயிரோடு கனன்றது. வீடு முழுக்க எரிவாயு நிறைந்தது. வெளியே பெரிய தீ தெரியவில்லை. தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்தார்கள். முதலில் காற்று உள்ளே இழுபட்டது. பிறகு வெதுவெதுப்பான காற்று வெளியே வந்தது. அதன் பின்னால் தீ வந்தது. ஆறரை நிமிடம் அந்தத் தீ மாடிப்படி வழியாக மேலே பாய்ந்துகொண்டே இருந்தது. படியில் நின்ற மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஓட்டை விழுந்த தகரமுள்ள பழைய லயத்தில் இது நடப்பது குறைவு, புகை எப்படியும் வெளியேறிவிடும். என் பயம் எல்லாம் இந்த டவுன் கடைகளைப் பற்றித்தான். இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டினால் உள்ளே காற்றுப் போக வழியில்லை. வர்த்தக சங்கப் பெரியோர்களே, தயவுசெய்து கேளுங்கள். விடிகாலையில் கடையிலிருந்து புகை வருகிறது என்று ஆள் வந்து எழுப்பினால், சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்காதீர்கள். முதலில் பாருங்கள். கண்ணாடி உள்பக்கமாகப் பிசுபிசுத்துக் கறுத்திருக்கிறதா? இடுக்கு வழியாகப் புகை வெளியே வந்து, மறுபடி உள்ளே இழுபடுகிறதா, ஆள் மூச்சு விடுவதுபோல? தீயின் வெளிச்சம் இல்லாமல் வெறும் புகையும் சூடும் மட்டுமா? கதவானால் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சுடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் திறக்காதீர்கள், அதற்கு நேர் எதிரேயும் நிற்காதீர்கள். திறந்தவுடன் ஒன்றும் நடக்கவில்லை என்று தைரியம் கொள்ளவும் முடியாது. காற்று உள்ளே போய்க் கலந்து தீயைச் சந்திக்கச் சில நொடியும் ஆகலாம், சில நிமிடமும் ஆகலாம். 110ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையினர் மேலே வழி திறந்து புகையை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் கதவுப் பக்கம் வருவார்கள். உள்ளே லட்சக்கணக்கில் சரக்கு இருக்கும், தெரியும். எரிகிற கடையில் பிடுங்கியதும் ஆதாயம் இல்லை.

காஸ் சிலிண்டரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் இறங்க முடியாது.

கதவைச் சாத்துங்கள் என்றேன் அல்லவா? நம் பழைய லயங்கள் பலவற்றில் அதனால் முழுப் பயன் இல்லை. ஏன்? வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள இடைச்சுவர் கூரைவரை போகவில்லை. ஒரே தகரக் கூரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுகிறது, சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. முதல் காம்பராவில் எழும் சூட்டுப் புகை சுவரைத் தாண்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போகிறது. பொலித்தீன் சீலிங்குக்கு மேலே ஓடுவதால் கீழே தூங்குபவருக்குத் தெரிவதும் இல்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு லயத்தையே கொண்டுபோவதன் காரணத்தை நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு நம் உரிமை, அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அந்த வீடு வரும்வரை இந்த லயத்தில்தானே பிள்ளைகள் தூங்குகிறார்கள்! கல்லோ புளொக் கல்லோ வைத்து, சீமெந்து பூசி, தகரத்தைத் தொடும்வரை இடைச்சுவரை உயர்த்துங்கள், தகரத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள நெளிவுகளையும் சாந்து வைத்து அடையுங்கள். பலகையோ மட்டையோ வைத்து மறைத்தால் அது சுவர் ஆகாது. தோட்ட நிருவாகங்களிடம் நாம் கேட்பது இதைத்தான்.

வாசல் மேசையில் கோரிக்கைப் படிவம் வைத்திருக்கிறோம். பெயர், தோட்டம், டிவிஷன், லய இலக்கம் எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் இடைச்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி என்று குறிக்க வேண்டும். அளந்து பார்க்காதவர்கள் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஒரு கம்பை வைத்து அளந்து எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.