நீலம் வரவே மாட்டேங்குது! போர் தண்ணில கால்சியம் தனியா, மெக்னீசியம் தனியா

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, வெளியில காத்து பயங்கரமா அடிக்குது, சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. நம்ம பழைய ஆளுகளுக்கு என்னோட மேசை, பியூரெட், நான் மூரெக்ஸைடுங்கிற இண்டிகேட்டர் பேரைக் கேட்டாலே கடுப்பாகுறது எல்லாம் தெரியும். புதுசா வந்தவங்க பழைய ஹார்ட்னஸ் வீடியோவப் பாத்துட்டு வாங்க, பிஎச் 10ல டைட்ரேஷன் எப்படிப் பண்றதுன்னு அதுல சொல்லிருக்கேன்.

இன்னைக்கு விஷயம் என்னன்னா, தேவிபட்டினம் பக்கம் ஒரு அண்ணே இறால் பண்ணை வச்சிருக்காரு, வனாமி ரகம். ஓடு சரியா கட்டலன்னு ஒரு மருந்துக் கடையில கேட்டிருக்காரு, அவங்க ஒரு ஸ்ட்ரிப்ப முக்கி ஹார்ட்னஸ் 1200க்கு மேல இருக்குன்னு பாத்துட்டு, சுண்ணாம்பு போடுங்க, கால்சியம் மூட்டை வாங்குங்கன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு இதுதான் எரிச்சலு! ஹார்ட்னஸ்ங்கிறது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த ஒத்த நம்பர், அதுல எது எவ்வளவுன்னு தெரியாம எப்படி மூட்டை சொல்றீங்க? சாதாரணக் கடல் தண்ணில மெக்னீசியம் லிட்டருக்கு சுமார் 1290 மில்லிகிராம், கால்சியம் சுமார் 410, அதாவது மூணுக்கு ஒண்ணு. இறாலும் அந்தக் கணக்குல பழகுன உயிரு. போர் தண்ணில உப்பு இருந்தாலும் இந்தக் கணக்கு தலைகீழாக்கூட இருக்கலாம், அத ஸ்ட்ரிப் சொல்லாது.

சரி, அண்ணே ஒரு கேன்ல போர் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. ரெண்டு நாள் நின்ன தண்ணி, அடியில செம்மண் மாதிரி துரு. அதப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு இது சும்மா விடாதுன்னு. ஆனாலும் குறுக்க வர்ற உலோகங்களக் கட்டிப்போடுற மாஸ்கிங் இல்லாம எப்படி இருக்கும்னு உங்களுக்குக் காட்டணும்ல, அதனால முதல்ல ஒண்ணுமே போடாம பண்ணேன். மேல தெளிஞ்ச தண்ணில 10 மில்லி பிபெட்ல எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி 50 ஆக்கி, அம்மோனியா பஃபர் 2 மில்லி, எரியோகுரோம் பிளாக் டி இண்டிகேட்டர் ஒரு சிட்டிகை, ஒயின் சிவப்பு வந்துச்சு. பியூரெட்ல 0.01 மோலார் ஈடிடிஏ. விடுறேன் விடுறேன், 12 தாண்டுது, 15 தாண்டுது, சிவப்பு ஊதாவாகுது, அப்புறம் ஊதாவுலயே நிக்குது. 20 மில்லி தாண்டியும் அதே ஊதா! பாருங்க, இந்த ஃப்ரேம நிறுத்திப் பாருங்க, இதுக்குப் பேருதான் இண்டிகேட்டர் பிளாக் ஆகுறது.

என்ன நடக்குதுன்னா, சாதாரணமா பிஎச் 10ல ஈடிடிஏ முதல்ல கால்சியத்தப் பிடிக்கும், அப்புறம் மெக்னீசியத்த, கடைசியா இண்டிகேட்டர் கைல இருக்குற மெக்னீசியத்தயும் பிடுங்கிடும், அப்ப இண்டிகேட்டர் தனியாகி நீலமாகும். ஆனா ஃபெரிக் இரும்பு, காப்பர் மாதிரி உலோகங்க இண்டிகேட்டர அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சுக்கும், ஈடிடிஏ எவ்வளவு ஊத்துனாலும் விடாது. அதனால எண்ட் பாயின்ட் தள்ளிப் போகல, எண்ட் பாயின்டே இல்ல. ஜிங்க் இன்னும் மோசம், அது பிளாக் பண்ணாது, கமுக்கமா ஈடிடிஏவ சாப்பிட்டுட்டு உங்க ரீடிங்ல சேர்ந்துடும், நீங்க அத மெக்னீசியம்னு எழுதிடுவீங்க.

ஆங், ஒண்ணு சொல்லாம விட்டேன். பிளாக்கிங்கா இல்ல இண்டிகேட்டரே கெட்டுப் போச்சான்னு எப்படித் தெரியும்? டிஸ்டில்டு வாட்டர்ல அதே பஃபர், அதே இண்டிகேட்டர் போட்டு, நல்லா நீர்த்த மெக்னீசியம் சல்பேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்க. சிவப்பாகி, ரெண்டு மூணு சொட்டு ஈடிடிஏலயே பளிச்சுன்னு நீலமாச்சுன்னா உங்க சரக்கு நல்லாருக்கு, குத்தம் சாம்பிள்ல. நிறம் ஊதாவுல நிக்காம வெளுத்து மங்கிப் போச்சுன்னா அது வேற கதை, மாங்கனீசோ குளோரினோ இண்டிகேட்டரையே தின்னுடுது.

இப்ப நம்ம ஹீரோ, டிரையெத்தனாலமைன்! தேன் மாதிரி கெட்டியா இருக்கும். இந்த பாட்டில் ஒரு கிலோ நண்டு வாங்குற காசுக்கு வந்துச்சு, வருஷக்கணக்குல ஓடும், இத வாங்காம ஹார்ட்னஸ் கிட்டுக்கு மட்டும் காசு கொட்டுறவங்கள எனக்குப் புரியவே மாட்டேங்குது, உண்மையா சொல்றேன். இது ஃபெரிக் இரும்பையும் அலுமினியத்தையும் காரத்துல அப்படியே கட்டிப்போட்டுடும், கால்சியம் மெக்னீசியத்தத் தொடாது.

ஆனா வரிசை முக்கியம், இங்கதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. பஃபர ஊத்திட்டு அப்புறம் டிரையெத்தனாலமைன் போட்டீங்கன்னா அதுக்குள்ள இரும்பு ஹைட்ராக்சைடா வீழ்படிஞ்சு பழுப்பா மிதக்கும், அப்புறம் அது லேசுல கரையாது. அதனால கேன நல்லாக் குலுக்கி துருவோட சேர்த்து 10 மில்லி எடுத்து, டிஸ்டில்டு வாட்டர்ல 50 ஆக்கி, ஒண்ணுக்கு ஒண்ணு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு, ஒரு நிமிஷம் கொதிக்க வச்சு ஆற விட்டேன், துரு கரைஞ்சு தண்ணி தெளிவாச்சு, கார்பனேட்டும் வாயுவாப் போயிடுச்சு. அந்த அமிலத்துலயே டிரையெத்தனாலமைன் 30 சதவீதக் கரைசல் 5 மில்லி, நல்லாச் சுத்தி, அதுக்கப்புறம்தான் பஃபர். சிலர் ஹைட்ராக்சிலமைனும் போடச் சொல்வாங்க, மாங்கனீசு இருந்தா அது வேணும், ஆனா இங்க நான் போடல, ஏன்னா அது இரும்ப ஃபெரஸா மாத்திடும், ஃபெரஸ டிரையெத்தனாலமைன் அந்த அளவுக்குப் பிடிக்காது.

போட்டு டைட்ரேட் பண்ணா, முன்னயவிட எவ்வளவோ தேவல, 12 கிட்ட நீலம் எட்டிப் பாக்குது, ஆனா ஒரு ஊதாச் சாயம் இழுத்துக்கிட்டே இருக்கு. அப்ப இரும்பு மட்டும் இல்ல! அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணே, மோட்டார்ல வால்வு என்னது, பித்தளையா?"ன்னேன். "ஆமா தம்பி, பழைய பித்தளைதான், பச்சையாப் பூத்துக் கெடக்கு"ன்னாரு. பித்தளைன்னா காப்பரும் ஜிங்கும், உப்புத் தண்ணி அத அரிச்சு இறக்கிருக்கு. பிடிச்சேன் பாத்தீங்களா!

காப்பர், ஜிங்க், நிக்கல் எல்லாத்துக்கும் புத்தகத்துல முதல் மாஸ்கிங் ஏஜென்ட் பொட்டாசியம் சயனைடு. அருமையா வேலை செய்யும், ஆனா வீட்டுல வேண்டவே வேண்டாம். அமிலத்துல பட்டா ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளையே கொன்னுடும். முறையான லேப்லயே கரைசல் காரமான பிறகுதான் போடுவாங்க, கழிவையும் தனியாத்தான் வைப்பாங்க. நான் போட்டது சோடியம் சல்ஃபைடு, 5 சதவீதக் கரைசல் 1 மில்லி. இதையும் பஃபருக்குப் பிறகுதான், முன்னாடி போட்டா அழுகின முட்டை நாத்தம், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவும் விஷந்தான், ஜன்னலத் தொறந்து வைங்க. ரப்பர் கார்க் போட்டு இறுக்கி வைக்கணும், காத்துப் பட்டா கெட்டுப் போயிடும்.

இப்பப் பாருங்க... சிவப்பு... 12.5... ஊதா... ஒவ்வொரு சொட்டா... 12.8, நீலம்! சுத்த நீலம்! சிவப்போட சாயமே இல்ல, இந்த நீலத்துக்காகத்தான் மக்களே நான் இதையெல்லாம் பண்றேன். திரும்பப் பண்ணாலும் 12.8. பஃபர் ஊத்துனதும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க, நின்னா கால்சியம் கார்பனேட் வீழ்படிய ஆரம்பிக்கும்.

அடுத்து கால்சியம் மட்டும். இங்க மெக்னீசியத்தத் தள்ளி வைக்கிறது எந்த ஏஜென்ட்டும் இல்ல, வெறும் பிஎச். சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி 12க்கு மேல ஏத்துனா மெக்னீசியம் ஹைட்ராக்சைடா வெள்ளையா வீழ்படிஞ்சிடும், ஈடிடிஏ கண்ணுக்கு அது இல்லாத மாதிரி. எரியோகுரோம் பிளாக் இந்த பிஎச்ல ஆரஞ்சாயிடும், உதவாது. மூரெக்ஸைடு போடலாம், பிங்க்ல இருந்து ஊதா, சாயங்கால வெளிச்சத்துல சத்தியமாத் தெரியாது, எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பேட்டன் ரீடர்தான் என் இண்டிகேட்டர், சிவப்புல இருந்து நீலம். அதக் கரைசலா வைக்காதீங்க, கெட்டுப்போகும், உப்போட அரைச்ச பொடியாவே வைங்க.

அதே மாதிரி 10 மில்லி, அமிலம், டிரையெத்தனாலமைன், பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 3 மில்லி, அப்புறம் சல்ஃபைடு. பிஎச் பேப்பர்ல 12க்கு மேலயான்னு பாருங்க, சாம்பிள்ல அமிலம் போட்டிருக்கோம்ல, அது கொஞ்சம் காரத்தத் தின்னும். டைட்ரேட் பண்ணா 3.4. ஆனா இந்த 3.4ஐ நான் நம்பல. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உருவாகும்போது கொஞ்சம் கால்சியத்தயும் உள்ள இழுத்து மூடிக்கும், இண்டிகேட்டரையும் மேல ஒட்டிக்கும், நீலம் வந்து கொஞ்ச நேரத்துல மறுபடி சிவப்பு எட்டிப் பாத்துச்சு, அதுதான் அடையாளம். அதனால அடுத்த பிளாஸ்க்ல காரம் ஊத்துறதுக்கு முன்னாடியே 3.2 மில்லி ஈடிடிஏவ விட்டுட்டேன், கால்சியம் அதுல பத்திரமா உக்காந்துடும், அப்புறம் காரத்த ஊத்தி மூணு நாலு நிமிஷம் கலக்கி, இண்டிகேட்டர் போட்டு மிச்சத்த சொட்டு சொட்டா. 3.7ல நீலம், திரும்பி சிவக்கவே இல்ல.

கணக்குக்கு வருவோம். 0.01 மோலார் ஈடிடிஏ 1 மில்லின்னா 0.4008 மில்லிகிராம் கால்சியம், இல்லன்னா 0.2431 மில்லிகிராம் மெக்னீசியம். கால்சியம் 3.7 மில்லி, அப்ப 10 மில்லி தண்ணில 1.48 மில்லிகிராம், லிட்டருக்கு 148. மெக்னீசியத்துக்கு 12.8ல 3.7 கழிச்சா 9.1, அது 2.21 மில்லிகிராம், லிட்டருக்கு 221. ஒன்றரைக்கு ஒண்ணுதான் மக்களே! மெக்னீசியம் இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு, இவருகிட்டப் போயி கால்சியம் மூட்டை விக்கப் பாத்திருக்காங்க. 3.4ஐ நம்பிருந்தா கால்சியம் 136, மெக்னீசியம் 229ன்னு வந்திருக்கும், கால்சியத்துல விட்டது அப்படியே மெக்னீசியத்துல ஏறிடும், கழிச்சு எடுக்குற நம்பர்ல இந்த ஆபத்து எப்பவும் உண்டு.

அண்ணே கேட்டாரு, "அப்ப மெக்னீசியம் சல்பேட் வாங்கிரவா தம்பி?" கணக்குப் போட்டுக் காட்டினேன். மெக்னீசியத்த 148க்கு மூணு மடங்கா, 444க்கு ஏத்தணும்னா கன மீட்டருக்கு 2.3 கிலோ கிட்ட வேணும், ஒரு ஹெக்டேர்ல ஒரு மீட்டர் ஆழம்னா 22 டன்னுக்கு மேல. மனுஷன் ஆடிப்போயிட்டாரு. கடல்தான் பக்கத்துலயே இருக்குல்ல! நாலு பங்கு போர் தண்ணிக்கு ஒரு பங்கு கடல் தண்ணி கலந்தா கால்சியம் 200 கிட்ட, மெக்னீசியம் 435 கிட்ட வரும், விகிதம் ரெண்டத் தாண்டிடும். கடல் தண்ணிய நோய் பயத்துக்கு வடிகட்டி, குளோரின் போட்டு, நல்லாக் காத்து குடுத்துத்தான் ஏத்தணும்னு சொல்லிருக்கேன், பித்தளை வால்வையும் பிளாஸ்டிக்கா மாத்தச் சொல்லிட்டேன், காப்பர் இறாலுக்கே ஆகாது.

கலந்த தண்ணிய அவரு கொண்டாந்ததும் மறுபடி இதே மேசையில போடுவோம். சுத்தக் கடல் தண்ணிக்கு மட்டும் இந்த முறை சரிப்படாது, அங்க மோல் கணக்குல கால்சியத்த மாதிரி அஞ்சு மடங்கு மெக்னீசியம் இருக்கு, வீழ்படிவு மலை மாதிரி வரும், அதுக்கு ஈஜிடிஏன்னு ஒண்ணு இருக்கு, மெக்னீசியத்தக் கிட்டத்தட்ட விட்டுட்டு கால்சியத்தப் பிடிக்கும், அத வாங்கிட்டேன்னா தனி வீடியோ. வரேன் மக்களே.